‘புளியே’ என்றால் என்ன? மகளின் முதல் பாலே வகுப்பும் என் குறிப்பேடும்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 8 ஜூன் 2024, இரவு 9.10

எட்டு வயது மகளை இன்று முதன்முறையாகச் சேலத்தில் ஒரு பாலே வகுப்பில் சேர்த்தேன். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பதால் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆசிரியை சொன்ன சொற்களைக் காதில் விழுந்தபடியே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ‘புளியே’, ‘தாண்டு’, ‘ரயில்வே’, ‘பிருவெட்’. நான்காவது சொல் மட்டும்தான் வேற்று மொழி என்று முதலில் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கூடத்தில் நின்று, “புளியே, புளியே” என்று சொல்லிக்கொண்டே முழங்காலை மடக்கி நிமிர்ந்தாள். என் அம்மா சமையலறையிலிருந்து, “புளி தீர்ந்துவிட்டது, யாருக்கு வேண்டும்?” என்று கேட்டார்.

இவை பிரெஞ்சுச் சொற்கள் என்று வாசலில் இன்னொரு பெற்றோர் சொன்னார். அகராதிப் பொருள் எனக்குப் போதாது. ஆசிரியை அந்தச் சொல்லைச் சொல்லும்போது குழந்தையின் உடம்பு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான் வீட்டில் அவள் பழகும்போது சரியா தவறா என்று பார்க்க முடியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. வகுப்பில் கொலுசைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமாம். நான் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். முதல் நாளே குடும்பத் தொழிலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள்.

அரைமண்டி | 8 ஜூன் 2024, இரவு 10.02

ஐயா, நான் அம்மாபேட்டையில் பரதநாட்டியம் கற்றுக்கொடுக்கிறேன். பாலே கற்றதில்லை, ஆனால் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்டது ‘ப்ளியே’. அது நம்முடைய அரைமண்டிதான். பாதங்கள் வெளிப்புறம் திரும்பி, முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து, முதுகு நேராக இருக்கும். அதையே முழுவதுமாகக் கீழே இறங்கிச் செய்தால் ‘கிரான் ப்ளியே’, அதாவது நம் முழுமண்டி. பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே. நன்றாக உட்காரச் சொல்லுங்கள். அரைமண்டியில் உட்காராத பிள்ளை எதிலும் நிற்காது.

புதுவைப் பேரன் | 9 ஜூன் 2024, காலை 7.15

என் தாத்தா வீட்டில் பிரெஞ்சு பேசுவார், நானும் பள்ளியில் படித்தேன். ‘ப்ளியே’ என்றால் ‘மடிக்கப்பட்டது’. துவைத்த துணியை மடித்து வைத்தால் அதற்கும் இதே சொல், கடிதத்தை மடித்து உறையில் போட்டாலும் இதே சொல்தான். வீட்டில் அம்மணிகள் சேலைக்கு ‘பிளீட்’ எடுப்பதாகச் சொல்கிறார்களே, அந்த ஆங்கிலச் சொல்லும், தச்சர் கேட்கும் ‘பிளைவுட்’டில் உள்ள ‘பிளை’யும் இதே குடும்பத்துப் பிள்ளைகள். ஆக, கொசுவமும் ப்ளியேவும் ஒன்றுவிட்ட சகோதரிகள். துணியை அரைகுறையாக மடித்தால் அது மடிப்பு ஆகாது, நன்றாக மடக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ‘தாண்டு’ என்பது ‘தாந்த்யூ’, ‘நீட்டப்பட்டது’ என்று பொருள். ‘ரயில்வே’ என்பது ‘ரெலவே’, ‘உயர்த்தப்பட்டது’. ‘பிருவெட்’டைப் பிரெஞ்சுக்காரர் வாயைக் குவித்து ‘பிரூஎத்’ என்பார்கள். அது கட்டைவிரல் நுனியில் நின்று சுற்றும் சுற்று. அதற்குக் கட்டை வைத்த சப்பாத்து இல்லாமல் முடியாது, ஆகவே எட்டு வயதில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 9 ஜூன் 2024, காலை 11.30

இருவருக்கும் நன்றி. ‘தாண்டு’ என்று எழுதி வைத்ததால் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, “ஆசிரியை தாண்டத்தானே சொன்னார்?” என்று மகளைக் கூடத்தின் வாசற்படியைத் தாண்டிப் பழகச் சொல்லியிருக்கிறார். ‘நீட்டு’ என்பதும் ‘தாண்டு’ என்பதும் எவ்வளவு தூரம்! மகளே, “கால் தரையை விட்டு எழக்கூடாது பாட்டி, தேய்த்துக்கொண்டே போக வேண்டும்” என்று திருத்தினாளாம்.

மடிப்பு என்றதும் எனக்குப் பட்டறை ஞாபகம் வந்தது. வெள்ளிக் கம்பியை மடக்கினால் மடங்கிய இடத்தில் நின்றுவிடும். எஃகுச் சுருளை அழுத்தினால் கையை விட்டதும் திரும்பி எழும். ப்ளியே இதில் எந்த வகை என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே புரிந்துவிடும்.

உங்கள் இருவர் பேச்சையும் கேட்டு, இன்று காலை அவளை இன்னும் ஆழமாக மடக்கச் சொன்னேன். நன்றாகவே மடக்கினாள்.

கொண்டை ஊசி 17 | 10 ஜூன் 2024, இரவு 8.44

தலைப்பில் புளி என்று பார்த்து வந்தேன். என் மகனுக்கும் இதே பிரச்சினைதான். நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். சேலம் இறங்கும் பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவான். வாயில் புளி வைத்தால் நிற்கும் என்று பக்கத்து வீட்டு ஆத்தா சொன்னார், கொஞ்சம் நிற்கிறது. சுற்றுவதால் வரும் மயக்கத்துக்கு நடனக்காரர்கள் புளிதான் சாப்பிடுகிறார்களா?

அரைமண்டி | 10 ஜூன் 2024, இரவு 9.05

அண்ணா, இது வேறு புளி.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 12 ஜூன் 2024, இரவு 9.50

விழுந்துவிட்டாள். பெரிய அடி இல்லை, இடது முழங்கை சிராய்ந்திருக்கிறது. அடுத்த வாரம் பிருவெட் உண்டு என்று வகுப்பில் மூத்த பெண்கள் சொன்னதை நம்பி, டைல்ஸ் தரையில் காலுறையோடு தானே சுற்றிப் பார்த்திருக்கிறாள். நான் எதிரில்தான் இருந்தேன், கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆழமாக மடக்கினாள், கைகளை வீசினாள், முக்கால் சுற்று போனாள், பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். ஆழமாக மடக்கச் சொன்னது நானே என்பதால் இதைக் கேட்கிறேன்: மடக்கியது போதவில்லையா, அதிகமாகிவிட்டதா?

சேர்வராயன் சரிவு | 13 ஜூன் 2024, காலை 6.20

இந்த இழையை நேற்றிரவு முழுதும் படித்தேன். பெங்களூரில் 22 ஆண்டுகள் சிறு பிள்ளைகளுக்குப் பாலே கற்றுக்கொடுத்துவிட்டு இப்போது ஏற்காட்டில் காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஓய்வாக இருக்கிறேன். குழந்தைக்கு அடி பெரிதில்லை என்பது நிம்மதி. முதலில் காலுறையைக் கழற்றுங்கள். வழுவழுப்பான டைல்ஸில் பருத்திக் காலுறை போட்டுச் சுற்றினால், தள்ளுவதற்குத் தரை பிடி கொடுக்காது.

இனி உங்கள் கேள்வி. மடக்கியது அதிகம். அதை விளக்க, அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

புதுவைத் தம்பி சொன்ன அகராதிப் பொருள் சரி, ஆனால் துணியோடு ஒப்பிட்டது பொருந்தவில்லை. மடித்த துணி பெட்டிக்குள் கிடக்கும். ப்ளியே கிடப்பதற்கு இல்லை. ஐயா கேட்ட கேள்விக்கு விடை எஃகுச் சுருள். வகுப்பில் முதலில் வருவது ‘தெமி ப்ளியே’, அதாவது பாதி மடக்கு. அந்தப் பாதிக்கு அளவுகோல் முழங்காலில் இல்லை, குதிகாலில் இருக்கிறது. குதிகால் தரையில் பதிந்திருக்கும்வரை எவ்வளவு மடங்க முடியுமோ அவ்வளவுதான் அந்தக் குழந்தையின் பாதி. கெண்டைச் சதையும் குதிநரம்பும் இறுகியிருக்கும் பிள்ளைக்கு அது மிகக் குறைவாக இருக்கும், நெகிழ்ந்த பிள்ளைக்கு அதிகமாக இருக்கும். பக்கத்துப் பிள்ளையின் ஆழத்தைப் பார்த்து அளக்கக் கூடாது.

ஆழமாக மடக்கு என்று நீங்கள் சொன்னபோது அவள் குதிகாலை எழுப்பித்தான் ஆழம் தேடியிருப்பாள் என்று ஊகிக்கிறேன். எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எந்தக் காலை ஊன்றிச் சுற்றினாளோ அந்தக் காலின் குதி, அவள் மேலே எழும்பத் தொடங்குவதற்கு முன்பே தரையை விட்டிருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 13 ஜூன் 2024, இரவு 10.15

பார்த்தேன் அம்மா. வலப்பக்கம் சுற்றியிருக்கிறாள், ஊன்றியது இடது கால். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது: மடக்கும்போதே இடது குதி இரண்டு விரல் உயரம் எழுந்திருக்கிறது. அதோடு, கீழே போய் ஒரு நொடிக்கும் மேலாக அங்கேயே இருக்கிறாள், எங்கே போவது என்று யோசிப்பதைப் போல. அதன்பிறகு தோளிலிருந்து சுழற்றுகிறாள், கால் ஒன்றுமே செய்யவில்லை.

என் நோட்டில் ‘ஆழமாக’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்ததை இப்போது அடித்துவிட்டேன்.

சேர்வராயன் சரிவு | 14 ஜூன் 2024, காலை 6.45

அப்படியானால் விழுந்ததற்குக் காரணம் அந்தக் குதியும் அந்த ஒரு நொடியும்தான்.

ஒற்றைக் காலில் எழும்பிய பிறகு சுற்றுவதற்குப் புது வேகம் எங்கிருந்தும் கிடைக்காது. இரண்டு கால்களும் தரையில் இருந்து, மடங்கி, தரையைத் தள்ளி எழும் அந்தக் கணத்தில் கிடைப்பதே முழுச் சுற்றுக்கும் போதவேண்டும். குதி மேலே இருந்தால் தள்ளுவதற்கு முன்பாதம் மட்டுமே மிஞ்சுகிறது, அதில் குழந்தை ஆடுகிறாள். கீழே நின்று யோசித்தால், இறங்கும்போது தசையில் ஏறிய விசை வீணாகிவிடுகிறது. அதனால்தான் கால் கொடுக்காததைத் தோளிலிருந்து கடன் வாங்கினாள். தோள் முதலில் போனதும் முதுகு பின்னால் சாய்ந்தது.

வலப்பக்கச் சுற்று எப்படி நிகழ வேண்டும் என்று சொல்கிறேன். இடது பாதம் முன்னே, வலது பாதம் பின்னே, இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு பாத நீளம். இதை நான்காம் நிலை என்பார்கள். வலது கை முன்னால் வளைந்திருக்கும், இடது கை பக்கவாட்டில் இருக்கும். ‘ப்ளியே’ என்றதும் இரண்டு குதிகளும் பதிய மடங்க வேண்டும். நிற்காமல் உடனே ‘ரெலவே’, இடது முன்பாதத்தில் எழ வேண்டும். அதே நேரத்தில் வலது கால் பின்னாலிருந்து மேலேறி, அதன் விரல் நுனி இடது முழங்காலைத் தொட வேண்டும். கைகள் மார்புக்கு எதிரே கூடிவிட வேண்டும். கைகள் உடம்பை ஒட்டினால் சுற்று விரைவடையும், விரிந்தே இருந்தால் மந்தமாகும். சுற்று முடிந்து கால்கள் தரைக்கு வரும்போது மறுபடியும் ப்ளியே. ஆக, பிருவெட் ப்ளியேவில் தொடங்கி ப்ளியேவில்தான் முடிகிறது. முதல் வகுப்பில் முக்கால் மணி நேரம் ஆசிரியை ‘புளியே புளியே’ என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம்.

புதுவைத் தம்பிக்கு ஒன்று. பிருவெட்டுக்குக் கட்டை வைத்த சப்பாத்து தேவையில்லை. மென்சப்பாத்தில் முன்பாதத்தில் நின்று சுற்றுவதும் பிருவெட்தான், ஆண் நடனக்காரர்களும் அப்படித்தான் சுற்றுகிறார்கள். விரல் நுனி நடனம் மேடையில் பெயர் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1832இல் பாரிசில் மரி தாலியோனி ஆடிய காலத்தை ஒட்டி. பிருவெட் அதற்கு முன்பே இருந்தது.

புதுவைப் பேரன் | 14 ஜூன் 2024, பகல் 1.20

ஒப்புக்கொள்கிறேன். தாத்தா இருந்திருந்தால் என்னைக் காதைத் திருகியிருப்பார். ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பிருவெட் என்ற சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் பம்பரம் என்று பொருள் உண்டு. குழந்தைக்கு அதைச் சொன்னால் போதும், நான்காம் நிலை எல்லாம் தானாக வரும்.

சேர்வராயன் சரிவு | 14 ஜூன் 2024, மாலை 5.00

பம்பரம் என்பது சரி, மிக நல்ல சொல். தானாக வராது.

பம்பரம் ஏன் நிற்கிறது? ஆணி நேராக இருப்பதால், தலை சாயாததால். சாட்டையை எவ்வளவு வேகமாகச் சுண்டினாலும் ஆணி வளைந்த பம்பரம் தடுமாறி விழும். பிள்ளைகள் எல்லோரும் சாட்டையைத்தான் பழகுகிறார்கள், ஆணியைப் பழகுவதில்லை. சுற்றாமல், இடது முன்பாதத்தில் எழுந்து, வலது விரலை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒன்று முதல் நான்கு வரை நிதானமாக எண்ணும்வரை அவளால் நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் சுற்றுப் பேச்சே வேண்டாம்.

அரைமண்டி | 15 ஜூன் 2024, இரவு 8.30

நான் 8ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது, முழுவதும் திருத்தமாட்டேன். வடிவத்தில் இரண்டும் நெருக்கம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அரைமண்டியில் நாங்கள் இறங்கினால் அடவு முடியும்வரை அங்கேயே இருந்து ஆடுகிறோம், அதுவே எங்கள் வீடு. ப்ளியே வழியில் வரும் படி மட்டும் என்று இப்போது புரிகிறது. முழுமண்டியில் குதியை எழுப்பி அதன்மேலேயே உட்காருகிறோம். சரிவு அம்மா, கிரான் ப்ளியேவில் அப்படி உட்காருவது உண்டா?

வெள்ளிக் கம்பி என்று ஐயா சொன்னதை அரைமண்டிக்கு யாரும் பொருத்திவிட வேண்டாம். அதில் உட்கார்ந்துகொண்டு தட்டடவை மூன்று காலத்தில் தட்டிப் பார்த்தால் அது கம்பியா, சுருளா என்று தெரியும்.

சேர்வராயன் சரிவு | 16 ஜூன் 2024, காலை 7.10

உட்காருவது இல்லை அம்மா. கிரான் ப்ளியேவில் கீழே போகும்போது குதி கடைசியில் எழும், மேலே வரும்போது குதிதான் முதலில் பதியும். அடியில் தங்குவதில்லை. கால்களை அகலப் பரப்பி நிற்கும் இரண்டாம் நிலையில் மட்டும் குதி எழவே எழாது. உங்கள் மாணவிகள் பாலே வகுப்புக்கு வந்தால் இந்த ஓர் இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். கீழே போய் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள், பியானோ அவர்களை விட்டுவிட்டு மேலே போய்விடும். மற்றபடி, முதுகு நேராக வருவதில் அவர்களுக்கு நான் எதையும் கற்றுத்தர வேண்டியிருந்ததில்லை.

ஐயாவுக்கு: முழங்காலையும் பாருங்கள். மடக்கும்போது முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு மேலே வரவேண்டும். பாதத்தை மட்டும் அதிகமாக வெளியே திருப்பிவிட்டு முழங்கால் உள்ளே விழுந்தால், உள்ளங்கால் வளைவு தரையில் அமுங்கும், உள்பக்கக் கணுக்கால் துருத்தும். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இரண்டு பாதமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளையை யாரும் நெருக்கக் கூடாது.

கொண்டை ஊசி 17 | 16 ஜூன் 2024, இரவு 9.00

எனக்குத் தொடர்பில்லாத இழை என்று தெரிந்தும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். பம்பரம்போல் சுற்றியும் அவர்களுக்கு ஏன் தலை சுற்றுவதில்லை? அதைச் சொன்னால் என் பையனுக்குப் பயன்படும்.

சேர்வராயன் சரிவு | 17 ஜூன் 2024, காலை 6.30

எங்கள் ஊர்க்காரர் கேட்பதால் சொல்கிறேன். அவர்கள் உடம்பைச் சுற்றுவதைப் போலத் தலையைச் சுற்றுவதில்லை. எதிரே சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு சுற்றத் தொடங்குவார்கள். உடம்பு திரும்பிப் போய்க்கொண்டிருக்கும், முகம் அந்தப் புள்ளியிலேயே நிற்கும். இனி முடியாது என்ற இடத்தில் தலை சட்டென்று திரும்பி, உடம்புக்கு முன்பே அதே புள்ளிக்கு வந்துவிடும். கடைசியில் கிளம்பி முதலில் வந்து சேர்வது தலை. காதுக்குள் இருக்கும் திரவம் ஒரே சீராகச் சுழன்றால்தான் நின்ற பிறகும் உலகம் சுழலும். இங்கே தலை நின்று நின்று போவதால் அது குறைகிறது. பல ஆண்டுப் பழக்கத்தில் மூளையும் ஓரளவு பழகிவிடுகிறது.

உங்கள் பையனுக்கு இது பொருந்தாது. பேருந்தில் தலையைச் சட்டென்று திருப்பச் சொல்லாதீர்கள், நிலைமை மோசமாகும். அவன் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 22 ஜூன் 2024, இரவு 9.25

இரண்டாவது வாரக் கணக்கு. நான்கு எண்ணும்வரை நிற்கும் சோதனையில், 16ஆம் தேதி ஒன்றரை எண்ணிக்கையில் கால் இறங்கியது. இன்று இடது காலில் நான்கு, வலது காலில் இரண்டு. குதியைப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: பழைய பத்து ரூபாய்த் தாளைக் குதியின் கீழே வைத்துவிட்டு மடக்கச் சொல்வேன், நான் தாளை இழுப்பேன். இழுபடாவிட்டால் ப்ளியே சரி, இழுபட்டால் பத்து ரூபாய் அப்பாவுக்கு. முதல் நாள் எனக்கு எழுபது ரூபாய் வரவு. நேற்றிலிருந்து வரவு இல்லை.

ஆசிரியையிடம் விழுந்ததைச் சொன்னேன். கோபிக்கவில்லை, கால்வாசிச் சுற்று மட்டும் பழகச் சொன்னார். கூடத்தின் நான்கு சுவர்களுக்கும் பெயர் வைத்தோம்: நாட்காட்டி, ஜன்னல், கண்ணாடி, வாசல். நாட்காட்டியைப் பார்த்து மடக்கு, எழு, ஜன்னலுக்கு வா, மடக்கு. அங்கே நின்று, பிறகு கண்ணாடி. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு முழுப் பிருவெட்டின் அத்தனை வேலையும் இருக்கிறது, சுற்று மட்டும் கால்வாசி. மகளுக்கு இது அலுப்பாக இருக்கிறது. எனக்கு அலுக்கவில்லை.

ஒரு முரண்பாடு. முழங்காலில் விரலை வைக்கும் நிலையைச் சரிவு அம்மா பெயர் சொல்லாமல் விட்டார்கள். ஆசிரியை ‘பாசே’ என்கிறார். வாசலில் நிற்கும் இன்னொரு பெற்றோர், தன் மூத்த மகள் சென்னையில் ‘ரெத்திரே’ என்று கற்றதாகச் சொல்கிறார். எது சரி?

சேர்வராயன் சரிவு | 23 ஜூன் 2024, காலை 8.00

வேண்டுமென்றே விட்டேன், சண்டை வரும் என்று தெரியும். ‘ரெத்திரே’ என்றால் விலக்கி இழுக்கப்பட்டது, அது நிலை. ‘பாசே’ என்றால் கடந்தது, விரல் முழங்காலைக் கடந்து முன்னாலிருந்து பின்னால் போகும் அசைவு. நான் இப்படிப் பிரித்தே கற்றேன், இப்படியே கற்றுக்கொடுத்தேன். ஆனால் நிலையையே பாசே என்று அழைக்கும் நல்ல ஆசிரியர்கள் எத்தனையோ பேர். உங்கள் மகள் தன் ஆசிரியை சொல்லும் பெயரையே சொல்லட்டும்.

புதுவைப் பேரன் | 23 ஜூன் 2024, காலை 10.40

பிரெஞ்சு தெரிந்த எனக்கு இது பெரிய சங்கடம். கடந்தது என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றால் அது எப்படிக் கடந்ததாகும்? போகட்டும். சேலத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு மடக்கு, நீட்டு, எழு, பம்பரம் என்று தமிழிலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? குறிப்பேட்டில் ‘தாண்டு’ என்று எழுதும் விபத்தாவது நேராது.

அரைமண்டி | 23 ஜூன் 2024, பகல் 12.15

என்னிடம் இணையவழியில் ஜப்பானியப் பெண் ஒருவர் கற்கிறார். அவருக்கும் அது தட்டடவுதான். நான் அதை ஜப்பானியத்தில் மாற்றினால் அவர் வேறு எந்த ஆசிரியையிடமும் போய் ஆட முடியாது.

சேர்வராயன் சரிவு | 23 ஜூன் 2024, மாலை 4.30

பதினான்காம் லூயி 1661இல் பாரிசில் நடனக் கழகம் நிறுவியதும், அந்தக் காலத்தில் பியேர் போஷாம் ஐந்து பாத நிலைகளை வகுத்ததாகச் சொல்லப்படுவதும்தான் சொற்கள் பிரெஞ்சில் நின்றுபோனதற்கு மூலம். அரசவை நடனம் அங்கே இத்தாலியிலிருந்து வந்தது என்றாலும், பின்னால் இத்தாலியர்களும் ரஷ்யர்களும் பிரெஞ்சுச் சொல்லிலேயே கற்றுக்கொடுத்தார்கள். நான் வகுப்பில் பிரெஞ்சிலும், அழும் பிள்ளையிடம் தமிழிலும் சொன்னேன். தம்பி சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 6 ஜூலை 2024, இரவு 9.40

அரைச் சுற்று வந்துவிட்டது, நாட்காட்டியிலிருந்து கண்ணாடிக்கு. வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் கால் சுற்றிலேயே தடுமாறுகிறாள், வலது காலில் நிற்பது இன்னும் மூன்று எண்ணிக்கையைத் தாண்டவில்லை.

வீட்டில் தரையைப் பற்றி இன்னும் தீரவில்லை. காலுறை வழுக்குகிறது. வெறுங்காலில் டைல்ஸ் பிடித்துக்கொள்கிறது, உடம்பு திரும்பிய பிறகும் பாதம் திரும்பாமல் முழங்கால் முறுக்குவதைப் பார்த்தேன், உடனே நிறுத்தினேன். வகுப்பில் போடும் மென்சப்பாத்தை வீட்டில் போட்டால் அடித்தோல் தேய்ந்துவிடும் என்கிறார் மனைவி. இப்போதைக்குச் சப்பாத்துதான் தேயட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 20 ஜூலை 2024, இரவு 10.05

இன்று மாலை ஒரு முழுச் சுற்று. படத்தை மெதுவாக ஓட்டினேன். இடது குதி பதிந்திருக்கிறது, கீழே தங்கவில்லை, தோள் காலுக்கு முன் போகவில்லை. தலை மட்டும் உடம்போடு சேர்ந்தே திரும்புகிறது, நாட்காட்டியை விட்டுவிடுகிறாள். முடிவில் மடக்க மறந்து விறைத்த காலில் இறங்கினாள், ‘டொக்’ என்று கேட்டது. அம்மா சமையலறையிலிருந்து, “கடைசியில் புளி போடவில்லை” என்றார்.

வகுப்பில் இன்று புதுச் சொல் ஒன்று வந்திருக்கிறது, ‘ஃபோந்த்யூ’. இந்த முறை காதில் விழுந்தபடி எழுதிவிட்டு, பக்கத்தில் எதையும் ஊகித்து எழுதவில்லை.

புதுவைப் பேரன் | 20 ஜூலை 2024, இரவு 10.20

உருக்கப்பட்டது. பாலாடைக்கட்டியை உருக்கி ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் உணவுக்கும் இதே சொல்தான். காலை எப்படி உருக்குவார்கள் என்று நான் இனி சொல்வதாக இல்லை.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 20 ஜூலை 2024, இரவு 10.31

உருக்குவது எனக்குத் தெரிந்த வேலை. வெள்ளி கட்டியாகவே இருக்கும், இருக்கும், ஒரு கணத்தில் மொத்தமும் தளர்ந்துவிடும். கால் எப்படி, அம்மா?

சேர்வராயன் சரிவு | 21 ஜூலை 2024, காலை 6.15

அந்த ஒரு கணம் இங்கே கூடாது ஐயா, வெண்ணெய் உருகுவதைப் போல மெல்ல மெல்ல இறங்க வேண்டும். ஒற்றைக் காலில் செய்யும் ப்ளியே அது. ஊன்றிய கால் மடங்கும்போது மற்றக் காலும் மடங்கி அதன் பாதம் கணுக்காலுக்கு வரும், பிறகு இரண்டும் சேர்ந்து நிமிரும். இரண்டு முழங்கால்களும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக நிமிர்ந்து முடிக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அவளுக்கு எது முந்துகிறது?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு | 21 ஜூலை 2024, இரவு 8.50

தூக்கிய கால் முந்துகிறது. ஊன்றிய கால் பாதியில் இருக்கும்போதே அது நீண்டுவிடுகிறது. பத்து ரூபாய்த் தாளை இடது குதியின் கீழே வைத்துப் பார்த்தேன், இழுபடவில்லை. வலது குதியில் இழுபட்டது.